அம்மா முந்திக்கொண்டு சொன்ன நமஸ்காரம்

அப்பா போனபின் வரவேண்டிய குடும்ப பென்ஷனுக்காக அம்மாவை மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் பென்ஷன் ஆபீசுக்கு அழைத்துப் போனேன். எழுபதுகளின் தொடக்கம். எனக்கு வேலை இல்லை. வீட்டுக்காரர் வாடகை கேட்டு வாசலில் நிற்கத் தொடங்கியிருந்தார். அம்மா நேரில் நின்று, மாதிரிக் கையெழுத்துப் போட்டால்தான் பணம் புறப்படும்.

"போன உடனே காகிதத்தை நீட்டப்படாது. மொதல்ல நமஸ்காரம் சொல்லணும். அவாளும் மனுஷாதானே" என்றாள் அம்மா.

கவுண்டர் திறக்குமுன்பே முதல் ஆளாக நின்றாள். குமாஸ்தா சாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்தித் திரும்பினார். எதிரே குங்குமமில்லாத நெற்றி, கூப்பிய கை, சிரிப்பு.

"நமஸ்காரம் சார்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "செத்த ஓரமா நில்லுங்கோ."

ஓரமாகவே நின்றோம். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் போனார்கள். நாங்கள் மறுபடி நெருங்கியபோது, "டைம் ஆயிடுத்து, நாளைக்கு வாங்கோ" என்று கதவைச் சாத்தினார்.

"அவர் காதுல விழலையோ என்னமோ" என்றாள் அம்மா. மறுநாள் இன்னும் சீக்கிரம் கிளப்பினாள். இன்னும் உரக்கச் சொன்னாள். இன்னும் குனிந்து சொன்னாள். அன்றும் ஓரம்தான்.

நான் கத்த வாயெடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பியூன் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"இன்னா சார், படிச்ச ஆளுதானே நீ? காலீல மொத மூஞ்சியா இவங்கள இட்டாந்து நிறுத்துறியே. சாருக்கு ஆவாது. வேற யாராச்சும் போணி பண்ணட்டும், அப்பால வரச் சொல்லு."

அவன் மெதுவாகத்தான் சொன்னான். அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வெயில், தார், எச்சில் துப்பிய சுவர், எல்லாம் ஓடின. அவள் கண் மட்டும் ஓடவில்லை.

மூன்றாம் நாள் சீக்கிரம் கிளம்பவில்லை. தூணுக்குப் பின்னால், ஊதுவத்திப் புகைக்கு எட்டாத தூரத்தில் நின்றாள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் போய் வந்தார். அதன்பிறகு நெருங்கி, அதே குரலில், "நமஸ்காரம் சார்" என்றாள்.

"வாங்கோ மாமி, வாங்கோ. டேய், மாமிக்கு அந்த நாற்காலியைப் போடு."

எங்கே கையெழுத்து என்று விரலால் தொட்டுக் காட்டினார். பேனா எழுதாமல் போக, தன் பேனாவைக் கொடுத்தார். அம்மா போட்ட ஒரு கையெழுத்து கோணிப்போனது. "பரவாயில்லை, நிதானமாப் போடுங்கோ" என்று வேறு தாள் எடுத்தார். அவ்வளவு பொறுமையை அதற்குப்பின் எந்தக் கவுண்டரிலும் நான் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும், "இப்படி ஒருத்தனா" என்று பல்லைக் கடித்தேன்.

"அப்படிச் சொல்லாதேடா" என்றாள் அம்மா. "தங்கமான மனுஷன். நான்தான் நேரம் தெரியாம போய் நின்னுட்டேன்."

மாதா மாதம் போனாள். முதல் ஆள் போய் வரும்வரை தூணுக்குப் பின்னால் நின்றாள். சாகும்வரை அவரை யாரும் குறை சொல்ல விடவில்லை.