நாற்பது அடிக்கு மூன்று சொல்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கமா அக்கா என்று பெயர். ஒரு கமாவுக்காக மேனேஜரோடு அரை நாள் மல்லுக்கட்டியதில் ஒட்டிக்கொண்ட பெயர். நான் அவரைவிட ஆறு வயது மூத்தவன். ஆனாலும் ஊரே அக்கா என்றால் நான் மட்டும் என்ன, நானும் அக்காதான். அவர் என்னை அண்ணே என்பார். யாருக்கும் நஷ்டமில்லை.

மொழிபெயர்ப்பு அலுவலகம் எங்களுடையது. அவர் ஆங்கிலத்தைத் தமிழாக்குவார், நான் அந்தத் தமிழைப் பக்கத்தில் ஒழுங்காக உட்கார வைப்பேன். பதினொரு வருடம் அவர் எழுதியதெல்லாம் துணி துவைக்கிற மெஷினின் கையேடு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற சீட்டு, மிக்ஸியின் வாரண்டி அட்டை. "ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள்" என்பதை எத்தனை தடவை எழுதியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. கணவர் பஸ் ஓட்டுகிறார், மகள் காலேஜில் படிக்கிறாள். மூன்று டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு ஒன்பதரைக்கு டாண் என்று வந்து நிற்பார். கையேட்டில் யாரும் படிக்காத பதினேழாம் பக்கத்துக்குக்கூட, தன் வீட்டு மெஷின் எதிரில் நின்று பொத்தானை அழுத்திப் பார்த்துத்தான் வாக்கியம் எழுதுவார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அதனால்தான். வெளியே சொன்னதில்லை.

போன வருடம் மேனேஜர் மொழிபெயர்க்கிற மென்பொருள் ஒன்றை வாங்கிப் போட்டார். அன்றிலிருந்து அது எழுதுவதைத் திருத்துவது மட்டும்தான் அக்காவுக்கு வேலை. "இப்பல்லாம் நான் சமைக்கிறதில்ல அண்ணே. யாரோ சமைச்சதுல உப்பு பாக்கிறேன்" என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் காது கேட்கும் கருவி விற்கிற ஒரு கம்பெனி வந்தது. வெளிநாட்டில் அவர்கள் வைத்த விளம்பரப் பலகையை அப்படியே தமிழில் வைக்க வேண்டுமாம். நாற்பது அடி அகலம், இருபது அடி உயரம். மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, "இந்த ஒரு வரி பாஸ் ஆச்சுன்னா இனிமே விளம்பர வேலையெல்லாம் உங்க கையில. ஆகலேன்னா, மெஷினே போதும்னு நான் முடிவு பண்ணிடுவேன், வருத்தப்படக் கூடாது" என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் கழுத்தில் கத்தி வைக்க முடியாது.

வந்த வரி இரண்டே சொல்: "ஸ்டாப் நாடிங்." மெஷின் அரை நொடியில் தமிழாக்கிவிட்டது: "தலையாட்டுவதை நிறுத்துங்கள்."

"முடி வெட்டுறவர் சொல்ற மாதிரி இருக்கு" என்றேன்.

"இல்லேன்னா எதுக்கெடுத்தாலும் ஆமாஞ்சாமி போடுறவனைத் திட்டுற மாதிரி இருக்கு" என்றார் அக்கா. "காது கேக்காத பெரியவரை நடுரோட்டுல நிக்கவச்சு அதட்டினா, கருவி வாங்க வருவாரா? சார், அந்தப் போர்டோட போட்டோ வேணும்."

"வரிதான் இருக்கே, போட்டோ எதுக்கு?" என்றார் மேனேஜர்.

எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற தப்பு இது. எக்செல் கட்டத்துக்குள் வரியை மட்டும் அனுப்புவார்கள். அது எந்தப் படத்துக்குக் கீழே, எந்தத் தெருவில், யார் கண்ணில் படப்போகிறது என்று எவனும் சொல்ல மாட்டான். அக்கா போட்டோ வராமல் பேனாவைத் தொட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அந்தக் கம்பெனியில் விளம்பரம் பார்க்கிற மேடம் வெளிநாடு போனபோது காருக்குள்ளிருந்து எடுத்த படம் ஒன்று மறுநாள் வந்தது. பலகை சாய்ந்திருந்தது, கண்ணாடியில் வெயில் அடித்தது, கடைசி எழுத்துக்குக் குறுக்கே ஒரு விளக்குக் கம்பம். நான் அதை நிமிர்த்தி, வெளிச்சத்தைக் குறைத்து, என் திரை முழுக்கப் பெரிதாக்கினேன்.

சாப்பாட்டு மேசை. ஆறு பேர். ஐந்து பேர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மேசை ஓரத்தில் ஒரு பெரியவர், அவரும் சிரிக்கிறார்.

"நல்லாத்தானே சிரிக்கிறார்" என்றேன்.

அக்கா திரையில் விரல் வைத்தார். "மத்தவங்க எல்லாரும் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பாக்கிறாங்க. இவர் மட்டும் பேசுறவங்க வாயைப் பாக்கிறார். என்ன சொன்னாங்கன்னு இவருக்குத் தெரியாது அண்ணே. சும்மா தலையாட்டிட்டு உக்காந்திருக்கார். அதைத்தான் நிறுத்தச் சொல்றாங்க."

என் இடது காது மூன்று வருடமாக மக்கர் செய்கிறது. வலது காதும் கூட்டத்தில் கைவிட்டுவிடும். வீட்டில்கூடச் சொல்லவில்லை. இந்த வயதில் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு திரிந்தால் அடுத்தது ஓய்வுதான் என்று ஆபீசே பேசும். அதனால் வலது காது எல்லார் பக்கமும் இருக்கிற மாதிரி நாற்காலி போட்டுக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவரைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. படத்தை மூடிவிட்டேன்.

பலகைக்கு வரி எழுத அக்காவே ஒரு முறையைக் கண்டுபிடித்துக்கொண்டார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் தடித்த மார்க்கரில் எழுதி, ஆபீஸ் நடைபாதைக் கோடியில் தண்ணீர் ஃபில்டருக்கு மேலே ஒட்டுவார். பிறகு நிற்காமல் அதைக் கடந்து நடப்பார். "எங்க வீட்டுக்காரர் சிக்னல்ல நிக்கிறப்பதான் போர்டு படிப்பாராம். ஓடுறப்ப மூணு சொல்லுக்கு மேல கண்ணுல நிக்காதாம்" என்றார்.

"தெளிவாகக் கேளுங்கள்" என்று ஒன்று ஒட்டினார். எல்லாக் காதுக் கடையும் அதைத்தான் போடுகிறது என்று அவரே கிழித்தார். "கேட்காததைக் கேட்டதாக நடிக்காதீர்கள்" என்று இன்னொன்று. அர்த்தம் கச்சிதம். ஆனால் படிப்பதற்குள் பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும், அதோடு பெரியவரை நடிகன் என்று வேறு சொல்கிறது. அதுவும் குப்பைக்கூடைக்குப் போனது. இரண்டு நாளில் எட்டுத் தாள்.

புதன்கிழமை டீ நேரத்தில் மேனேஜர் ஏதோ ஜோக் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோப்பையோடு நின்ற அக்கா என்னையே பார்ப்பதைக் கவனித்தேன். அவர் சிரிக்கவில்லை. கோப்பையை அப்படியே வைத்துவிட்டு இடத்துக்குப் போனார்.

வியாழன் காலை ஒன்பதாவது தாள் சுவரில் இருந்தது.

"சிரிச்சு சமாளிச்சது போதும்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். யாரோ என் சட்டைப் பைக்குள் கைவிட்ட மாதிரி இருந்தது. நேரே அவர் மேசைக்குப் போனேன்.

"தலையாட்டல் எங்க போச்சு? அவங்க சொன்னது ஒண்ணு, நீங்க எழுதினது ஒண்ணு. இதுக்குப் பேரு மொழிபெயர்ப்பா?"

"நிக்கிற படத்துல தலை ஆடுமா அண்ணே?" என்றார் அமைதியாக. "ஆடாது. சிரிப்புதான் தெரியும். இங்கிலீஷ் வரி படத்துல இல்லாத ஒண்ணைச் சொல்லுது, அவங்களுக்கு அது உடனே புரியுது. நம்மாளுக்கு அந்தச் சொல்லு வேற எங்கேயோ இழுத்துட்டுப் போகுது. அதான் படத்துல இருக்கிறதையே பிடிச்சேன். திட்டவும் இல்ல, ஏவவும் இல்ல. போதும்னு பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருக்கு." என் முகத்தைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க."

எதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது அந்தத் தாளைக் கடந்துதான் வந்தேன். இடத்தில் உட்கார்ந்த பிறகும் வரி கூடவே இருந்தது. பலகைக்கு ஏற்ற வரி என்று எரிச்சலோடு ஒப்புக்கொண்டேன்.

மாலை நாலு மணிக்கு மீட்டிங் அறையில் போன். மேனேஜர், அக்கா, நான். மேசை நடுவில் ஸ்பீக்கர். கம்பெனி மேடத்துக்குத் தமிழ் தெரியும், முடிவெடுக்கிற தலைமை அலுவலகத்துக்குத் தெரியாது. அதற்காக ஒரு வழக்கம் உண்டு: மூலத்தைப் பார்க்காத வேறொருவர் எங்கள் தமிழ் வரியைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதித் தருவார். அதைத்தான் அவர்கள் படிப்பார்கள். அந்தத் தாளில் தலையாட்டல் எங்கே இருக்கும்? மேடம் எடுத்த எடுப்பிலேயே அதைத்தான் கேட்டார். எனக்குப் பாதிதான் விழுந்தது. அக்கா படத்தையும் சிரிப்பையும் பொறுமையாக விளக்கினார். மேசைக்கு அடியில் அவர் கை முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது.

திடீரென்று மேனேஜர் என்னைப் பார்த்தார். ஸ்பீக்கர் என் இடது பக்கம் கரகரத்தது.

"ஆமாங்க மேடம்" என்றேன்.

ஸ்பீக்கர் மறுபடி ஏதோ கரகரத்தது. நான் சிரித்தபடி தலையாட்டினேன். மேனேஜர் முகம் சுருங்கியது.

அந்த நொடியில் அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பார். அவர் வரிக்குச் சாட்சி எதிரிலேயே பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. மேடம் கேட்டதைத் தாளில் எழுதி என் பக்கம் தள்ளினார்: "ஒரு வரியா, ரெண்டு வரியா?"

"ரெண்டு வரி மேடம்" என்றேன். "மேல சிரிச்சு சமாளிச்சது. கீழ தனியா, பெருசா, போதும்." சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பி வலது காதை ஸ்பீக்கருக்குக் கொடுத்தேன்.

இப்போது கேட்டது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா தலைமை ஆபீஸ்ல ஒவ்வொரு சொல்லா ஒப்பிடுவாங்க. எதுக்கு வம்பு, அந்தத் தலையாட்டுவதையே போட்டுடலாமே."

மேனேஜர் தலையசைத்தார். அக்கா தன் பேனாவை மூடினார். பதினொரு வருடம், ஒன்பது தாள், எல்லாவற்றையும் சேர்த்து மூடுகிற மாதிரி மூடினார். எனக்குத் தாங்கவில்லை.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றேன். "கொஞ்சம் முன்னாடி நீங்க ரெண்டு தடவை கேட்டீங்கல்ல, அது ரெண்டுமே எனக்கு விழல. மூணு வருஷமா எனக்குக் காது சரியில்ல. இங்க யாருக்கும் தெரியாது. நான் ஆமான்னேன், சிரிச்சேன். என்னை யாராவது தலையாட்டாதேன்னா சண்டைக்குப் போவேன். காலைல இந்த வரியைப் படிச்சப்ப, யாரோ என்னைப் பாத்துட்டாங்கன்னு தோணுச்சு. இதை உங்க தலைமை ஆபீசுக்கு அப்படியே எழுதி அனுப்புங்க."

மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் காது சூடாகியிருந்தது, கேட்காத காதுதான். பிறகு ஸ்பீக்கரில் மேடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. அக்கா கையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

வழக்கம்போல என் உதடு தானாகச் சிரிக்கப் போனது. நிறுத்தினேன்.

"என்ன சொன்னாங்க?" என்றேன். "எனக்குக் கேக்கல."

கமா அக்கா எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு என் வலது பக்கம் வந்து நின்று சொன்னார்: "தலைமை ஆபீசை அவங்க பாத்துக்கிறாங்களாம். நம்ம வரியையே போடச் சொல்றாங்க அண்ணே."