தானாகப் போகும் வாடகை

தையல்காரர் வங்கிக் கணக்கில் தேவைக்கு மேல் ஒரு காசும் வைக்கமாட்டார். இருந்தால் கை சும்மா இருக்காது என்பார். துணியில் மட்டும் ஓரத்துக்கு விரற்கடை விட்டுத்தான் கத்தரி வைப்பார்.

வாடகையை இழுத்தடித்தே பழகியவர். போன மாதம் வீட்டுக்காரர் தீர்த்துச் சொல்லிவிட்டார். "அஞ்சாம் தேதி பேங்க்ல இருந்து தானா வர்ற மாதிரி எழுதிக் குடுங்க. ஏழு வரைக்கும் பாப்பேன். வரலேன்னா காலி பண்ணிடுங்க. என் மச்சான் வீடு கேட்டு உயிரை எடுக்கறான்."

எழுதிக் கொடுத்தார். முதல் மாதமே கடை முதலாளி கூலியை ஐந்தாம் தேதி மாலையில்தான் கொடுத்தார். நேரே வங்கிக்குப் போய், வாடகை எவ்வளவோ அவ்வளவை மட்டும் பணம் போடும் மெஷினில் போட்டார்.

"இனிமே அந்த ஆளு மொகத்துல முழிக்க வேணாம்" என்றார் மனைவியிடம்.

"அவருக்கும் விடிஞ்சுது" என்றாள் அவள்.

எட்டாம் தேதி காலை வீட்டுக்காரர் வாசலில் நின்றார். வாடகை வரவில்லை. தையல்காரர் வங்கிக்கு ஓடினார்.

அங்கிருந்த பெண் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "தொகை சரியா இருக்கா பாருங்க."

"சரிதாங்க."

"ஆரம்ப தேதி இந்த மாசம் அஞ்சு. அதுவும் சரி. அன்னிக்குக் காலைல கணக்குல பணம் இல்ல. வாடகை போகாம திரும்பிடுச்சு. அதுக்கு ஒரு கட்டணம்."

"சாயங்காலம் போட்டேனே மேடம்."

"போட்டீங்க. போட்ட உடனே அந்தக் கட்டணத்தை சிஸ்டம் எடுத்துக்கிச்சு. ஆறாம் தேதி திரும்ப முயற்சி பண்ணுது, அந்த அளவுக்குப் பணம் குறையுது. மறுபடி கட்டணம். ஏழாம் தேதியும் அதேதான். மூணு தடவை திரும்பினா நீங்க எழுதிக் குடுத்த உத்தரவே நின்னுடும். மெசேஜ் வந்திருக்குமே?"

வந்திருந்தது. கடன் வேண்டுமா என்று தினமும் வருகிறவற்றில் ஒன்று என்று விட்டுவிட்டிருந்தார்.

"குறைஞ்சது உங்க கட்டணத்தாலதானே மேடம். அதைத் திருப்பிப் போட்டா..."

"மனு குடுங்க, மேல அனுப்பறேன். பதில் வர நாளாகும். கொஞ்சம் கூட விட்டு வெச்சிருக்கலாமே ஐயா."

ஓரம் விடுவதைப் பற்றி அவரிடமே சொல்கிறாள்.

கணக்கில் இருந்ததை எடுத்து, குறைந்ததை மனைவியின் கைப்பையிலிருந்து வாங்கிச் சேர்த்து, வீட்டுக்காரரிடம் நீட்டினார். வீட்டுக்காரர் எண்ணக்கூட இல்லை.

"மச்சான்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். எம்மேல தப்பு சொல்லாதீங்க."

"பணம் பேங்க்லயேதான் இருந்துதுங்க."

"எனக்கு வரலியே."

மாலையில் மனைவி ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவரே தைத்தது.

"விடு" என்றார். "இந்த ஜன்னலுக்கு அளவெடுத்தது."

"எங்க போறோம்னே தெரியல. துணியாவது வரட்டும்."

அவள் கழற்றி முடித்தாள். தெருவிளக்கு அறைக்குள் முழுசாக விழுந்தது. அந்த வெளிச்சத்திலேயே இருவரும் பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்தார்கள்.