வெள்ளிக்கிழமைக் காய்கறிக்கு மூன்று கொட்டேஷன்

சுரங்க டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கின் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளராக இருந்த காலத்தில் வந்த கடிதங்கள் பெரும்பாலும் தண்ணீர்க் குழாயைப் பற்றியவை. மீதி, அடுத்தவர் தோட்டத்தில் மேய்ந்த மாட்டைப் பற்றியவை. அறுபதுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம், இரண்டிலும் சேராத கடிதம் ஒன்று வந்தது. அதை நான் என்ன பாடு படுத்தினேன் என்பதைச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் நான் யாரிடமும் சொன்னதில்லை.

கடிதம் கொண்டுவந்தவர் மந்தாரக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் களையெடுத்தும் நாற்று நட்டும் பிழைத்த ஓர் அம்மாள். எழுதப் படிக்கத் தெரியாது. குள்ளஞ்சாவடியில் மனு எழுதுபவரிடம் சொல்லி எழுதி வாங்கியிருந்தார். அந்த ஆள் சங்கத்தை வணங்கி முடிக்கவே அரைப் பக்கம் எடுத்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே விஷயம் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, கீரை, வெண்டை, கொத்தவரை, கத்தரி என்று பறித்த அன்றே வண்டியில் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்துப் போடுவார். விளைய விளைய, முதல் வாரங்களில் கீரை, பிறகு வெண்டை, கடைசியில் கத்தரி. முப்பது வீடாவது வாரம் தவறாமல் வாங்கிக்கொள்வதாகச் சங்கம் எழுதித் தர வேண்டும்.

"எழுதித்தான் ஆகணுமா? வந்து வித்துட்டுப் போங்களேன்" என்றேன்.

"நெலமே இனிமேத்தாங்க. கெணத்தடியில அரைக் காணி. டவுன்ஷிப்புல வாங்கிக்கிறாங்கன்னு காயிதம் கொண்டாந்து காட்டு, குத்தகைக்கு வுடறேன்னு நெலத்துக்காரரு சொல்றாருங்க. ஆடி முடியறதுக்குள்ள காட்டலன்னா மல்லாட்ட போட்டுடுவாராம்." மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "இத்தினி வருசமா அடுத்தவங்க கொல்லையிலயே குனிஞ்சிகினு கெடந்துட்டேன் சார். எங்கொல்லைன்னு ஒண்ணு வெச்சிப் பாக்கணும்."

சங்கத் தலைவர் சுரங்கத்தில் என்ஜினீயர். கடிதத்தைப் படித்துவிட்டு, "நல்ல விஷயம்தானே, சரின்னு எழுதிடுங்க" என்றார். அன்றைக்கெல்லாம் நல்ல கத்தரிக்காய் வேண்டுமென்றால் மந்தாரக்குப்பத்துக்கு சைக்கிள் மிதிக்க வேண்டும். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வரும் வழியில் அரைத்தூக்கத்தில் வாங்கிய காயின் லட்சணத்தைப் பற்றி எல்லா வீட்டிலும் பேச்சு இருந்தது. கமிட்டியில் ஐந்து பேர். நாலு பேர் தலையாட்டினார்கள்.

ஐந்தாவது ஆள் நான். ஆபீசில் எனக்குப் பர்ச்சேஸ் செக்ஷன். ஒரு விளக்குமாறு வாங்குவதாக இருந்தாலும் மூன்று கொட்டேஷன், சீல் வைத்த கவர், ஒப்பீட்டுப் பட்டியல், அதில் குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் என்று பழகியவன். "ஒரே ஆளிடம் விலை வாங்கி ஆர்டர் கொடுத்தால் நாளைக்கு ஆடிட்டில் என்ன சொல்வது?" என்று கேட்டேன். சங்கத்துக்கு ஆடிட் கிடையாது. ஆனால் டவுன்ஷிப்பில் ஆடிட் என்ற வார்த்தையைக் கேட்ட பிறகு யாரும் மேலே பேசமாட்டார்கள்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி, "வெண்டைக்காய்க்கு எதுக்குங்க மூணு கொட்டேஷன்? நுனியை ஒடிச்சுப் பாத்தா தெரியாதா?" என்றாள். அவளுக்கு நடைமுறை தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாளிடம் விளக்கினேன். அவருடைய விலையோடு இன்னும் இரண்டு பேருடைய விலையும் வேண்டும். நாங்கள் போய்க் கேட்டால் நாளாகும், அவரே வாங்கி வந்தால் சீக்கிரம் முடியும். இது ஊரில் எல்லாக் காண்டிராக்டரும் செய்வதுதான். தெரிந்த இரண்டு பேரிடம் தன் விலையைவிடக் கூடுதலாக எழுதி வாங்கிவந்து மூன்றையும் சேர்த்து நீட்டுவார்கள். எங்களுக்கும் அது தெரியும். கூடுதலாக எழுதி வாங்க வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அதை யாரும் வாயால் சொல்வதில்லை.

அவர் நிஜமாகவே போய் விலை கேட்டார். மந்தாரக்குப்பத்தில் இரண்டு காய்கறிக் கடைகளில் எழுதி வாங்கி, கோதுமை மாவுப் பசையால் ஒட்டிய மூன்று கவர்களை என்னிடம் கொடுத்தார். ஐந்து பேருக்கும் ஐந்து விதமான ஷிப்ட். எல்லோரும் சேர்ந்து உட்கார ஆடி மாதம் பத்துத் தேதி ஆகிவிட்டது. கவர்களைப் பிரித்தேன். ஒரு கடை அவரைவிடக் கூடுதல். இன்னொன்று, பாய் ஒருவருடைய கடை, கிலோவுக்கு இரண்டு நயா பைசா குறைவு.

ஒப்பீட்டுப் பட்டியல் போட்டேன். மிக நன்றாக வந்திருந்தது. குறைந்த விலைக்காரர் பாய். பாய்க்கு ஆர்டர் டைப் அடித்து அனுப்பினேன்.

மறுநாளே பாய் அந்தக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். "நான் எப்ப சார் சப்ளை பண்றேன்னேன்? அந்தம்மா ஒரு வெலை எழுதிக் குடுங்க பாய்னு கேட்டாங்க, எழுதிக் குடுத்தேன். கடையை உட்டுட்டு வாரா வாரம் வண்டி கட்டிக்கினு வர எனக்கு ஆளு ஏது?"

"அப்புறம் ஏன் அவங்களைவிடக் குறைச்சு எழுதினீங்க?"

"அவங்க வெலை என்னன்னு கேட்டேன், சொன்னாங்க. எங்கடையில அதவிட ஜாஸ்தின்னு கையெழுத்துப் போட்டு உங்ககிட்ட குடுத்தா, நாளைக்கு டவுன்ஷிப்புலேர்ந்து எவன் சார் எங்கடைக்கு வருவான்?"

அவர் பேச்சில் ஒரு குறையும் இல்லை. அப்போதே அந்த அம்மாளைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தில் சரி என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். நான் பாயிடம், விலகிக்கொள்வதாக எழுத்தில் வேண்டும் என்றேன். அவர் கொள்முதலுக்கு வெளியூர் போய்விட்டுப் பத்து நாள் கழித்துக் கொடுத்தார். அதைக் கமிட்டியில் வைக்க மறுபடியும் ஐந்து ஷிப்டும் ஒத்துவர வேண்டியிருந்தது. இதற்கு நடுவில் அந்த அம்மாள் இரண்டு தடவை வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனதாக மனைவி சொன்னாள்.

ஆவணி பிறந்து பதினெட்டாவது நாள் தீர்மானம் நிறைவேறியது. குறிப்பு எண் போட்டு, இரண்டு கார்பன் வைத்து, நானே டைப் அடித்தேன். சங்க முத்திரையைக் குத்திக்கொண்டு சைக்கிளில் போனேன்.

கேட்டு விசாரித்துப் போன இடம் அந்தக் கிணற்றடிதான். வேர்க்கடலை இரண்டிலை மூன்றிலை விட்டு வரிசையாக நின்றது. அவர் நடுவில் குனிந்து, களைக்கொத்தால் களை வெட்டிக்கொண்டிருந்தார், கூலிக்கு. எனக்கு அப்படியே சைக்கிளைத் திருப்பிவிடலாம் போலிருந்தது. அதற்குள் பார்த்துவிட்டார்.

"காயிதம் வந்துட்டுதுங்களா சார்?"

"வந்துடுச்சும்மா. கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். முத்திரையைத் தொட்டுப் பார்த்தார். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பரவால்லீங்க சார். பத்திரமா வெச்சிக்கிறேன். வர்ற வருசம் ஆடிக்கு மின்னாடியே நெலத்துக்காரருகிட்ட காட்டிக் கேட்டுடறேன்."

ஆபீஸ் ஆர்டர்களின் கடைசியில் வழக்கமாக ஒரு வரி போடுவோம். கைப் பழக்கத்தில் இதிலும் போட்டிருந்தேன்: இந்த ஒப்புதல் முப்பது நாட்களுக்கு மட்டுமே செல்லும். அதை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை.