தேவனாம்பட்டினம் ஏன் காலியாக இருந்தது

நான் வேலை பார்ப்பது ஒரு மீன் வியாபாரக் கம்பெனியில். மீனைத் தொடுகிற வேலை இல்லை. கடலூர் பக்கத்துக் கடற்கரைகளில் எங்கள் கொள்முதல் ஆட்கள் காலையில் மீன் வாங்கி, எடை போட்டு, கையில் இருக்கும் டேப்லெட்டில் பதிவார்கள். அந்தப் பதிவுகள் சர்வருக்கு வரும். அங்கிருந்து அவற்றை எடுத்து, சரிபார்த்து, மேலாளர்கள் திரையில் எண்களாகப் பார்க்கும் டேஷ்போர்டுக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். டேஷ்போர்டின் படங்களை வரைபவன் பரங்கிப்பேட்டைக்காரன், என் நண்பன். மேசையும் பக்கத்து மேசைதான்.

இந்த வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குப் பெரிய பயமே, நிரல் எதுவும் பழுதாகி நிற்காமலே எண்கள் தப்பாகிப் போவதுதான். நின்றால் திரையில் சிவப்பு விளக்கு எரியும், ஓடிப் போய்ப் பார்க்கலாம். ஆனால் பதிவு வராமலே போனால் விளக்கு பச்சையாகத்தான் இருக்கும். டேஷ்போர்டின் மூலையில் 'இப்போதுதான் புதுப்பிக்கப்பட்டது' என்று கூசாமல் எழுதியிருக்கும். பழைய எண்ணைப் புதிதாகப் புதுப்பித்திருக்கும், அவ்வளவுதான்.

அதனால் கண்காணிப்பை நானே எழுதினேன். ஒவ்வொரு கரையிலும் கடைசியாக எடை போட்ட நேரம் என்ன என்று அது பார்க்கும். வழக்கமான நேரம் தாண்டியும் புதுப் பதிவு வரவில்லை என்றால் என் போனுக்குச் செய்தி வரும். ஆனால் கடல் எங்கள் இஷ்டத்துக்கு இருப்பதில்லையே. புயல் எச்சரிக்கை வந்தால் ஒரு படகும் போகாது. அந்த நாட்களை நான் தனியாகக் குறித்து வைத்தேன். எச்சரிக்கை நீங்கிய முதல் நாளில் படகுகள் எப்போது போகும், எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று மட்டும் கண்காணிப்பை மதியம் வரை பொறுத்திருக்கச் சொல்லியிருந்தேன். இல்லாவிட்டால் காலையிலிருந்து போன் கத்திக்கொண்டே இருக்கும், நானும் ஒருநாள் அதைப் பார்ப்பதை விட்டுவிடுவேன்.

இதற்கு மேல் இன்னொரு சோதனையும் போட்டிருந்தேன். சர்வருக்கு வந்து விழுந்த எடைகள் எத்தனை, டேஷ்போர்டு அட்டவணையில் ஏறியவை எத்தனை என்று இரண்டையும் ஒப்பிடும் சோதனை. நண்பன்கூடக் கேட்டான்.

"ஒரே எடத்துலேர்ந்து எடுத்துப் பக்கத்துல வெக்கிறோம். வழியில எங்க மச்சான் தொலைஞ்சுடப் போவுது?"

 இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுதி வைத்தேன்.

ஒரு மழைக்காலத்தில் பல நாள் நீடித்த எச்சரிக்கை நீங்கிய முதல் நாள் அது. வானம் வெளுத்திருந்தது. அன்று மேலாளர் கடலூரிலிருந்து கூட்டத்துக்கு வருவதாக இருந்தது. நான் பையை மேசையில் வைத்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. தேவனாம்பட்டினம்: சர்வருக்கு எடைகள் வந்திருக்கின்றன, அட்டவணையில் ஏறியது பூஜ்யம்.

டேஷ்போர்டைத் திறந்தேன். மற்ற கரைகளில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. தேவனாம்பட்டினத்தின் கட்டம் மட்டும் காலி. பதிவுகளை ஏற்றும் நிரல் ஓடி முடித்து 'வெற்றி' என்று எழுதியிருந்தது. பார்ப்பவர்களுக்கு அங்கே படகு போகவில்லை என்றுதான் தோன்றும்.

அந்தக் கரையில் எங்களுக்கு மீன் வாங்குபவர் ஓர் அக்கா. ஊரும் அதேதான். அவரைக் கூப்பிட்டேன்.

"அக்கா, இன்னிக்கு அங்க மீன் வந்துச்சா?"

"இன்னா தம்பி இப்டி கேக்குற? இத்தினி நாள் கழிச்சு போயிருக்காங்க, வஞ்சிரம் ஜாஸ்தியா வந்திருக்கு. காலையிலேர்ந்து எடை போட்டுக்கினே இருக்கேன். எல்லாம் அனுப்பிட்டேனே."

"டேப்லெட்டுல இன்னிக்கு என்ன தேதின்னு காட்டுதுக்கா?"

அக்கா டேப்லெட்டை எடுத்துப் பார்த்தார். பின்னால் ஏலக் கூச்சல் கேட்டது.

"அய்ய, என்னமோ பழைய வருசம் காட்டுதே. புயலுக்கு வூட்டுலயே கெடந்துச்சு தம்பி, சார்ஜே இல்ல. காலையிலதான் போட்டேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. சார்ஜ் முழுதாக இறங்கியதில் டேப்லெட்டின் தேதி பின்னால் போய்விட்டது. அன்றைய மீனெல்லாம் பழைய வருடத்துத் தேதியோடு வந்திருக்கிறது. எங்கள் நிரலோ, கடைசியாக ஏற்றிய எடையைவிடப் புதிய நேரம் உள்ளவற்றை மட்டுமே எடுக்கும். இவை பழையவை, எப்போதோ ஏற்றிவிட்டோம் என்று நினைத்து எல்லாவற்றையும் பேசாமல் தாண்டிவிட்டது. பிழையென்று சொல்ல ஒரு வரிகூட எழுதவில்லை.

தேதியைச் சரிசெய்ய அக்காவுக்குப் போனிலேயே சொல்லிக் கொடுத்தேன். பிறகு நண்பனிடம், "அந்தக் கட்டத்து மேல மஞ்சள் பட்டை ஒண்ணு போடு மச்சான்" என்றேன்.

"சார் வர்ற நேரத்துலயா? நம்ம தப்ப நாமளே காட்டணுமா?"

"வெறும் கட்டத்த நம்பி அவர் ஒரு முடிவு எடுத்துட்டா?"

அவன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போட்டான். 'தேவனாம்பட்டினம்: பதிவுகள் இன்னும் சேரவில்லை. இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.'

நான் நிரலைத் திருத்த உட்கார்ந்தேன். டேப்லெட் சொல்லும் நேரத்தை நம்பாமல், பதிவு சர்வருக்கு வந்த நேரத்தை வைத்துப் புதியவற்றை எடுக்கும்படி மாற்றினேன். விட்டுப்போன எடைகளுக்கும் வந்த நேரத்தையே தேதியாகக் கொடுத்தேன். டேப்லெட் சொன்ன தேதியை அழிக்காமல் பக்கத்தில் தனியாக வைத்தேன். ஒவ்வொரு எடைக்கும் ஒரு ரசீது எண் உண்டு; ஒரே எண் இரண்டு முறை ஏறவில்லை என்று பார்த்த பிறகுதான் மறுபடி ஓடவிட்டேன்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலாளர் வந்துவிட்டார். திரையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"என்னப்பா இது மஞ்சளா? அங்க படகு போகல, அவ்ளோதானே? அங்க போக வேண்டிய ஐஸ் வண்டிய வீராணம் பக்கம் திருப்பச் சொல்லலாம்னு இருக்கேன். காட்டுமன்னார்கோயில்ல ஏரி மீன் நெறைய நிக்குதாம்."

"போயிருக்காங்க சார். மீன் வந்திருக்கு. நம்மகிட்டதான் சேரல. ஒரு நிமிஷம் இருங்க."

நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் நண்பன், "ஏறிடுச்சு" என்றான். காலியான கட்டத்தில் எண் வந்து நின்றது. அன்று எல்லாக் கரைகளிலும் அதுதான் பெரிய எண். இரண்டு பக்கமும் ஒப்பிட்டேன், ஒன்றுகூடக் குறையவில்லை. அதன் பிறகுதான் பட்டையை எடுக்கச் சொன்னேன்.

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். "யாருப்பா உனக்குச் சொன்னது? அந்தம்மா போன் பண்ணுச்சா?"

"இல்ல சார். நான்தான் பண்ணேன். நம்ம சோதனை சொல்லுச்சு."

அவர் பாராட்டிப் பேசுகிற ஆள் இல்லை. போனை எடுத்து வண்டிக்காரரிடம், "தேவனாம்பட்டினத்துக்கே போ, ஐஸ் கொஞ்சம் கூடவே ஏத்திக்க" என்றார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "எல்லாக் கரைக்கும் இந்தச் சோதனை இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு சார்."

"சரி. இனிமே மஞ்சப் பட்டை இருந்தா நான் அந்த நம்பரத் தொடமாட்டேன்."

எனக்கு அது போதுமாக இருந்தது. அன்று சாப்பிடப் போகும்போது மாடிப்படியில் கால் பாவவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் போனேன். டேப்லெட் தேதியை நெட்வொர்க்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றிவிட்டு வரலாம் என்றுதான். ஐஸ் வண்டி மணலோரம் நின்றது, பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. அதுவரை போனில் மட்டுமே பேசியிருந்த அக்கா, என் குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். வண்டிக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"இந்தத் தம்பிதான். அன்னிக்கு உன் வண்டி வேற பக்கம் போவாம நிறுத்துச்சே, அது இதுதான்."

வண்டிக்காரர் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மீன் வாடை வீடு வரைக்கும் கூட வந்தது.