கோணாமலை அழித்த இரண்டு புள்ளிகள்

கோணாமலைக்கு ஐம்பத்தேழு வயது. அதில் முப்பத்தோரு வருடம் மட்டக்களப்புப் பட்டினத்துப் புகைப்பட நிலையம் ஒன்றின் வடக்கு யன்னலடியில் போய்விட்டது. படம் எடுப்பது முதலாளி யோகராசா. எடுத்த கண்ணாடி நெகட்டிவைச் சரிபார்த்து, வேண்டாததை மறைத்து, வேண்டியதைத் துலக்கிக் கொடுப்பது கோணாமலை. ஆட்களுக்குப் படம் அழகாக வந்தால் கெமராவைப் புகழ்வார்கள். மூஞ்சி கோணலாக வந்தால் மட்டும் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார்கள். உலகம் அப்படித்தான், அதற்கு யார் என்ன செய்ய?

விடிய எழும்பித் தன்னாமுனையிலிருந்து நடந்தும், மாட்டுக் கரத்தை கிடைத்தால் ஏறியும் வருவார். யன்னலுக்கு நேரே நெகட்டிவைச் சாய்த்து வைத்து, ஒரு கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி, மறு கையில் மயிரிழைத் தூரிகை. நெகட்டிவில் வெள்ளைக் கடதாசி கறுப்பாகவும் கறுப்புக் கோடு வெளிச்சமாகவும் தெரியும். அந்தக் கறுப்பில் தூசி விழுந்த இடமெல்லாம் ஊசி குத்தின துளைபோல வெளிச்சம் கசியும். அப்படியே விட்டால் படத்தில் கறுப்புப் புள்ளியாக வந்து நிற்கும். ஒவ்வொரு துளையிலும் சிவப்புச் சாயம் ஒரு பொட்டு வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு பொட்டு என்றால், முப்பத்தோரு வருடத்துக்கு எத்தனை என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. பார்த்தது கண்கள்தான். அவை களைத்துப்போய் இரண்டு வருடமாகிறது.

களைத்ததை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. பெண்சாதி சின்னத்தங்கத்துக்கு மட்டும் தெரியும். சோற்றில் கல் கிடந்தால் முந்தி அவர்தான் எடுத்து வைப்பார். இப்போது கடித்துவிட்டுத்தான் முகத்தைச் சுளிக்கிறார்.

முதலாளிக்கும் சந்தேகம் வந்துவிட்டது. போன மாசி மாதம் ஒரு கலியாணப் படத்தில், பெண்ணின் நாடியிலிருந்த மச்சத்தைத் தூசியென்று நினைத்துக் கோணாமலை துப்புரவாக மறைத்துவிட்டார். பெண்ணின் தாய் கடைக்கு வந்து, "எங்கட பிள்ளைக்கு அதிர்ஷ்டமே அந்த மச்சந்தான், அதை எங்க வச்சிரிக்கிறீங்க?" என்று சண்டை பிடித்தாள். அவள் போனபிறகு யோகராசா சத்தம் போடவில்லை. "அண்ணே, இன்னொரு தரம் இப்பிடி நடந்தா நான் வேற ஆள் பாக்க வேண்டி வரும்" என்றார். அந்த மெதுவான குரலைக் கேட்டபிறகு கோணாமலைக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இந்த வேலை போனால் அவருக்கு வேறு வேலை கிடையாது. வயல் இல்லை, தோணி இல்லை. வலை வீசத் தெரியாது.

இந்த நிலையில்தான் வல்லிபுரம் மாஸ்டர் வந்தார். பட்டினத்துப் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். மேல்வகுப்பில் பதினொரு பேர். அவர்களில் யாரைப் பெரிய சோதனைக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய ஒரு தெரிவுச் சோதனை வைக்கிறார். ஒளியியலில் இரண்டு கேள்வி. ஒன்றில் குழிவாடி, மற்றதில் குவிவில்லை. படத்தைப் பார்த்துக் கதிர் வரைந்து, விம்பம் எங்கே விழும், மெய்யா மாயமா, நிமிர்ந்ததா தலைகீழா, பெரிதா சிறிதா என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் அடிமட்டம் வைத்து அளக்கிற படம். கையால் பார்த்து வரைந்தால் நூலளவு பிசகும், பிசகினால் விடையும் பிசகும். ஆகவே புத்தகத்திலுள்ள அதே அளவில் புகைப்படமாகப் பதினொரு பிரதி வேண்டும் என்றார். "போட்டோ பொய் சொல்லாது" என்று ஒரு வார்த்தையும் சொன்னார். உள்ளே இருந்த கோணாமலைக்குச் சிரிப்பு வந்தது. பொய் சொல்ல வைக்கத்தானே தனக்குச் சம்பளம்!

குழிவாடிப் படத்தில் வளைவு மையத்தையும் குவியத்தையும் காட்டுகிற புள்ளிகளுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. வில்லைப் படத்தில் இருந்த எழுத்துகளை மாஸ்டர் வெள்ளைக் கடதாசித் துண்டு ஒட்டி மறைத்திருந்தார். புள்ளியைப் பார்த்தே குவியமென்று பிடிக்கட்டும் என்பது அவருடைய எண்ணம். படம் எடுத்து முடிந்தவுடன் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். இரகசியமாம். பிரதிகளை உறையிலிட்டு அரக்கு வைத்துத் தர வேண்டுமாம்.

அன்றைக்கு வானம் மப்பு. யன்னலில் வெளிச்சம் குறைவு. குழிவாடிப் படத்தில் எழுத்துக்குப் பக்கத்திலுள்ள புள்ளி எழுத்தோடு சேர்ந்தது என்று கோணாமலைக்குத் தெரிந்தது. தொடவில்லை. வில்லைப் படத்துக்கு வந்தார். நடுவே வில்லை, குறுக்கே அச்சுக்கோடு, இடப்பக்கம் ஒரு அம்புக்குறி. உருப்பெருக்கிக்குள் ஒரு சதக்காசு அளவு இடந்தான் ஒரு நேரத்தில் தெரியும். கோட்டில் ஓரிடத்தில் ஒரு முடிச்சு. தூசி! சாயத்தால் இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கோட்டைச் சீராக்கினார். நகர்த்திக்கொண்டே போனார். மறுபக்கத்திலும் ஒரு முடிச்சு. அதையும் சீராக்கினார். இரண்டும் வில்லையிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தன என்பது அந்தச் சதக்காசு வட்டத்துக்குள் எப்படித் தெரியும்? தெரியவில்லை. கோடு நூல் பிடித்த மாதிரி வந்ததில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம்.

சோதனை முடிந்து நாலாம் நாள், சனிக்கிழமை காலை, வல்லிபுரம் மாஸ்டர் விடைத்தாள்களோடு கடைக்குள் புகுந்தார். முகம் சிவந்திருந்தது.

"யோகராசா, உண்மையச் சொல்லும். அரக்கு வைக்க முந்தி இந்தப் படம் ஆர்ட கையில போனது?"

"ஒருத்தரிட்டயும் போகல்ல ஐயா. ஏன்?"

"பதினொரு பேரும் ஒரே பிழை விட்டிரிக்கிறாங்கள். குழிவாடிக் கேள்விய எல்லாரும் சரியாச் செஞ்சவங்கள். வில்லைக் கேள்வியில பதினொரு பேரும் ஒரே மாதிரிப் பிழை. முன்னமே படத்தப் பாத்து, ஒருத்தன் பிழையாச் செஞ்சத மத்தவங்கள் கொப்பி அடிச்சிரிக்கிறாங்கள். திங்கட்கிழமை பெயர் அனுப்ப வேணும். ஒருத்தன்ட பெயரும் போகாது."

தாள்களை மேசையில் பரப்பினார். மேலே கிடந்தது ஏறாவூர் றவூபின் தாள். அவனுடைய தகப்பன் வாகரைப் பக்கம் புடைவைப் பொதி சுமந்து வியாபாரம் செய்கிறவர். கடைக்கு வந்து மகனைப் பற்றிப் பெருமை அடித்த மனிதர்.

"பொருள் வில்லையிலிருந்து ரெண்டு அங்குலத்தில நிக்குது" என்றார் மாஸ்டர். "குவியம் மூண்டு அங்குலத்தில. பொருள் குவியத்துக்கு உள்ளுக்கு இரிக்கு. அப்ப விம்பம் பொருள் இருக்கிற பக்கமே ஆறு அங்குலத்தில விழ வேணும். மாயம், நிமிர்ந்தது, மூண்டு மடங்கு பெரிசு. இவங்கள் என்ன எழுதியிரிக்கிறாங்கள்? மறுபக்கம் ரெண்டு அங்குலத்தில, மெய், தலைகீழ், அதே அளவு. பதினொரு பேரும்!"

"அரக்கு என்ட கையால வச்சது. சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவன்" என்றார் யோகராசா.

மூன்று அங்குலம். தான் சீராக்கின இரண்டு முடிச்சும் கோணாமலையின் கண் முன் வந்தன. யன்னலடியிலிருந்து எழும்பி வந்து, றவூபின் தாளில் ஒட்டியிருந்த படத்தின் மேல் உருப்பெருக்கியைப் பிடித்தார். மூன்று அங்குலத்தில் கோடு வெறுமையாக, அழகாக ஓடியது. அந்த அழகு யாருடைய கைவேலை என்று அவருக்குத் தெரியும்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். முதலாளி சத்தியம் பண்ணுவார், மாஸ்டர் போய்விடுவார், திங்கட்கிழமை வடக்கு யன்னல் அப்படியே இருக்கும். ஒரு நிமிடம் அவர் நிற்கத்தான் நின்றார். கால் வலித்தது. இந்த வயதில் இன்னொரு வேலை தேடி எந்த வாசலில் போய் நிற்பது என்று நினைத்தார். பிறகு, பொதி சுமக்கிற அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வந்து தொலைத்தது.

"மாஸ்டர், பிள்ளையள் கொப்பி அடிக்கல்ல" என்றார். "பிழை என்னிலதான்."

பெட்டியிலிருந்து நெகட்டிவை எடுத்தார். பஞ்சை நனைத்துப் பிழிந்து, கோட்டின் மேல் மெல்ல ஒற்றினார். சிவப்புச் சாயம் கரைந்தது. இடப்பக்கம் மூன்று அங்குலத்தில் ஒரு முடிச்சு வெளிச்சமாகத் தெரிந்தது. வலப்பக்கமும் அப்படியே. மாஸ்டர் கண்ணாடியை யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"குவியத்தையே அழிச்சிப்போட்டீரா?"

"தூசியெண்டு நினைச்சன் ஐயா. மத்தப் படத்தில எழுத்து இருந்திச்சு, தொடல்ல. இதில எழுத்து இல்ல."

மாஸ்டருக்கு வந்த கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. எழுத்தை மறைத்தது தானல்லவா. "சரி, குவியமே இல்லாமப் போனா விடையே வராதே. எப்பிடி எல்லாருக்கும் ஒரே விடை வந்தது?"

அடிமட்டத்தை எடுத்துப் பிள்ளைகளின் கதிர்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்த்தார். பொருளின் நுனியிலிருந்து அச்சுக்குச் சமாந்தரமாகப் போன கதிர், வில்லையைக் கடந்து வளைந்து, ஒரு அங்குலத்தில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியூடாகப் போயிருந்தது. பதினொரு தாளிலும் அதே புள்ளி. வில்லையின் நடுவால் நேரே போன கதிர் அதை இரண்டு அங்குலத்தில் வெட்டியிருந்தது.

"இங்க ஒரு புள்ளி இரிக்கே! இது புத்தகத்தில இல்ல, தூசி. இதக் குவியமா எடுத்திரிக்கிறாங்கள். குவியம் ஒரு அங்குலம், பொருள் ரெண்டு அங்குலம். பொருள் குவியத் தூரத்தப்போல ரெண்டு மடங்கில நிண்டா விம்பமும் மறுபக்கம் ரெண்டு அங்குலத்தில, தலைகீழா, அதே அளவில வரும். அப்ப..." மாஸ்டர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இவங்கள் செஞ்சது சரி. தந்த படத்துக்குப் பதினொண்டும் சரி."

நேற்று வகுப்பில் கள்ளர் என்று அவர் ஏசியிருந்தார். அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று யோசித்தாரோ என்னவோ, தாள்களை ஒருதரம் புரட்டிப் பார்த்தார். பிறகு உருப்பெருக்கியை எடுத்து, "புத்தகத்து விடை என்னெண்டு தெரியுமா உமக்கு? இதுதான்" என்று ஒரு எழுத்தின் மேல் பிடித்துக் காட்டினார். "கிட்டப் பிடிச்சா நிமிர்ந்து பெரிசாத் தெரியிற மாய விம்பம். முப்பது வருசமா நீர் பாத்துக்கொண்டு இரிக்கிறது இந்தக் கேள்வியத்தான்."

கோணாமலைக்குச் சிரிக்க மனம் வரவில்லை. யோகராசாவின் முகத்தைப் பார்த்தார். முதலாளி வெளியே வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெயர் பதினொண்டும் திங்கட்கிழமை போகும்" என்று மாஸ்டர் தாள்களை அடுக்கினார். "எனக்குச் சரியான படம் ஒண்டு அடிச்சுத் தாங்க. அந்தக் கள்ளப் புள்ளிய மட்டும் எடுத்துவிடுங்க."

கோணாமலை நெகட்டிவைச் சாய்த்து வைத்தார். தூரிகையைச் சாயத்தில் தொட்டார். அன்றைக்கு நல்ல வெயில், யன்னல் நிறைய வெளிச்சம். உருப்பெருக்கியைக் கோட்டின் மேல் மெல்ல நகர்த்தினார். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. மற்ற இரண்டு பேரும் காத்து நின்றார்கள்.

"எங்க ஐயா?"

"உம்மட மூக்குக்கு நேரதான் இரிக்கு" என்று மாஸ்டர் விரல் நகத்தால் காட்டினார். கோணாமலை நகத்தைப் பார்த்தார். நகம் தெரிந்தது. நகத்தின் நுனியில் இருந்த புள்ளி தெரியவில்லை. பதினொரு பிள்ளைகள் கண்ட புள்ளி!

வேலையை விட்டு நிற்பாட்டுவார்களோ என்று இவ்வளவு நேரமும் பயந்தது வீண் பயம். அதை முடிவு செய்ய முதலாளி தேவையில்லை. கோணாமலை தூரிகையின் நுனியை ஒருதரம் துடைத்துச் சீராக்கி, யோகராசாவின் பக்கம் நீட்டினார்.

"நீங்க வையுங்க தம்பி" என்றார். "எனக்குத் தெரியல்ல."