சா என்றால் வலது

மெல்பேர்னுக்கு வந்த புதிதில் எனக்கு இரண்டு விஷயங்கள் பிடிக்கவில்லை. ஒன்று குளிர். மற்றது, மைசூர்ப்பருப்பு என்று கேட்டால் கடைக்காரன் முழிக்கிற முழி. எழுபதுகளின் நடுப்பகுதி அது. நம்முடைய சாமான் விற்கிற கடை கண்ணில் எங்கும் படாது. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷினில் நின்ற துருக்கிக்காரர்தான் வழி சொன்னார். அவர் குடியிருக்கும் பக்கத்தில் ஒரு கடையில் அந்தச் சிவப்புப் பருப்பு மூட்டைக் கணக்கில் கிடக்கிறதாம்.

"கடைக்காரனுக்கு இங்கிலீஷ் தெரியாது. தெருவில் நிற்கிறவர்களுக்கும் தெரியாது. நீ துருக்கியில் கேட்கப் பழகு" என்றார். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதும் அப்போது ஏறக்குறைய ஒரே தரம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாடம் நடந்தது. முதலில் 'அஃபெதெர்சினிஸ்', மன்னிக்கவேண்டும். இதைச் சொல்லாமல் யாரையும் நிறுத்தக்கூடாது. பிறகு தேடுகிற இடத்தின் பெயர், அதன் பின்னால் 'நெரெதே', எங்கே. எனக்கு இது சுத்தமாக ஏறவில்லை. நேரே, நேரே என்றே காதில் விழுந்தது. நேரே போவதற்கு அவர்களுடைய சொல் 'தூஸ்'. ஆள் கடகடவென்று பேசினால் 'யவாஷ், லுத்ஃபென்', மெதுவாக, தயவு செய்து.

"பதில் முழுவதும் விளங்கவேண்டும் என்று நினைக்காதே. தூஸ், சா, சோல், இந்த மூன்றையும் பிடி. மற்றதெல்லாம் காற்று. பிடித்ததைத் திருப்பிச் சொல்லிப் பார், பிழையென்றால் அவர்களே திருத்துவார்கள்" என்றார்.

சோல் இடது. சா வலது. அதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். எங்கள் பாஷையில் சா என்றால் சாவு என்றேன். அவர் சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டார். வழி சொன்னவருக்கு நன்றி சொல்லவேண்டிய சொல்லும் 'சா ஓல்' தான் என்று, தன் நெஞ்சில் கையை வைத்து ஏதோ விளக்கினார். உயிர், சுகம் என்று என்னவோ சொன்னார். நான் சரியாகக் கேட்கவில்லை. எனக்குப் பருப்புதான் முக்கியம்.

இரண்டு கிழமையில் அந்தக் கடைக்குத் தனியாகப் போய் வந்தேன். எனக்குத் தலைகால் தெரியவில்லை. வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் துருக்கியில் குசினிக்கு வழி கேட்டேன்.

"உங்களுக்கு விசர்தான்" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை துருக்கி நண்பருடைய மெஷின் அவரது இடது கையைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு இப்போதும் மனமில்லை. இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன. ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. போகும்போது அவர் முழு நினைவோடு இருந்தார், மனைவியிடம் சொல் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் வீட்டில் டெலிபோன் இல்லை.

"நீதானே அவனோடு அவன் பாஷையில் பேசிக்கொண்டிருப்பாய், நீ போ" என்றார் ஃபோர்மன். கம்பெனி வான் சாரதி ஒருவரை என்னோடு அனுப்பினார். அலுவலகத்தில் முகவரி எழுதிய துண்டு ஒன்றைத் தந்தார்கள்.

அந்த முகவரியில் கதவைத் திறந்தது ஒரு வயதான துருக்கி அம்மா. நான் நண்பரின் பெயரைச் சொன்னதும் அவர் தலையைப் பின்னால் சாய்த்து, 'த்ச்' என்று நாக்கைத் தட்டினார். இல்லை என்று அர்த்தம். வீடு மாறிவிட்டார்கள், அலுவலகத்துக்குத் தெரியாது. பாடம் மறக்கவில்லை.

"அஃபெதெர்சினிஸ். எவி நெரெதே?" அவர் வீடு எங்கே.

அந்த அம்மா மழை மாதிரிப் பொழிந்தார். "யவாஷ், லுத்ஃபென்" என்றேன். இந்த முறை கையையும் சேர்த்துக் காட்டிச் சொன்னார். தூஸ். இக்கிஞ்ஜி சொகாக், அதாவது இரண்டாவது தெரு. சா. பிறகு சோல், மாவி கப்பு. நீலக் கதவு. நான் திருப்பிச் சொன்னேன். தலையாட்டினார். என் முகத்தில் எதைக் கண்டாரோ, தலையில் துணியைப் போட்டுக்கொண்டு தானும் கூடவே நடந்தார். வான் எங்கள் பின்னால் ஊர்ந்து வந்தது.

நேரே போனோம், இரண்டாவது தெருவில் வலது, இடது பக்கம் நீலக் கதவு. அச்சொட்டாக வந்து சேர்ந்ததில், அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு சின்னப் பெருமை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையவேண்டும் போலிருக்கும்.

கதவைத் திறந்த பெண்ணின் கை மாவாயிருந்தது. என் தொழிற்சாலைச் சட்டையைக் கண்டதுமே அவர் முகம் மாறிவிட்டது. நான் கணவரின் பெயரைச் சொன்னேன். "ஹஸ்தானே" என்றேன், ஆஸ்பத்திரி. என் கையைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் மாவுக்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சா மு?"

எனக்கு நன்றாக விளங்கியது. 'மு' வந்தால் கேள்வி. வலதா, வலது கையா என்று கேட்கிறார். பாவம், வலது கை போனால் வேலை போய்விடுமே என்று பயப்படுகிறார். நல்ல செய்தி சொல்லக் கிடைத்ததே என்று தலையை அசைத்து, தெளிவாக, நிறுத்திச் சொன்னேன்.

"சா தெயில். சோல்."

வலது இல்லை, இடது.

அந்தப் பெண் நின்ற இடத்திலேயே விழுந்தார். விழுந்த பிறகு எழுந்த குரல் தெரு முழுவதும் கேட்டிருக்கும். வயதான அம்மா தன் தலைத்துணியைப் பிடித்துக்கொண்டு தானும் அழத் தொடங்கினார். இடது கைக்கா இவ்வளவு? சரியாகக் கேட்கவில்லையாக்கும் என்று குனிந்து, இன்னும் உரக்க, "சா தெயில்" என்று இரண்டாம் முறையும் சொன்னேன். அவர் தலையைக் கதவு நிலையில் மோதினார்.

அப்போதுதான் அவர் சட்டையைக் கண்டேன். நெஞ்சில் ஐந்து விரலும் மாவால் பதிந்திருந்தன. மதியச் சாப்பாட்டில் என் நண்பர் கை வைத்த அதே இடம். சா ஓல். உயிர், சுகம். சா என்றால் வலது மட்டுமில்லை. அந்தப் பெண் கையைப் பற்றியே கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று இரண்டு தரம் நான் சொல்லியிருக்கிறேன்.

சொல்லவேண்டிய சொல் ஒன்றுதான், எங்கள் பாஷையில் சாவென்று ஒலிக்கும் அதையோ துக்க வீட்டு வாசலிலும் நாங்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். அந்தப் பெண்ணுக்கு முன்னால் முழந்தாளில் நின்று, என் நெஞ்சில் அடித்துக்கொண்டு, கத்தினேன்.

"சா! சா! சா!"

அழுகை நின்றது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் இடது கையைத் தூக்கி இரண்டு விரல்களை மடக்கிக் காட்டினேன். "எல்" என்றேன், கை. "சோல் எல்." பிறகு திரும்பவும் நெஞ்சைத் தொட்டு, "சா." வயதான அம்மா அதைத் தானும் சொல்லிச் சொல்லி அவரைத் தூக்கி நிறுத்தினார். பிறகு என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். எனக்கு அது வேண்டியதுதான்.

வானில் அவர்களை முன்னால் ஏற்றிவிட்டு நான் பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அந்தப் பெண் உள்ளே ஓடவில்லை. திரும்பி வந்து, கணவரை இரண்டு தரம் கொன்ற என்னைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

"சா ஓல்."

உயிரோடு இரு. கடையில் எத்தனையோ தரம் நானும் சொன்ன சொல்தான். பிடித்ததைத் திருப்பிச் சொல்லிப் பார் என்று படித்தவன்தானே, நானும் நெஞ்சில் கை வைத்து அதையே திருப்பிச் சொன்னேன்.