மகளின் டெப்புக்குப் போட்ட பூட்டு

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவள் நான். தாய்மார் கொழுந்து பறிக்கப் போன பிறகு அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அழுகிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. சத்தமில்லாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம்தான் முதலில் போவேன். வாயில் ஒரு பொத்தானோ கூழாங்கல்லோ கட்டாயம் இருக்கும். வீட்டுக்கு வந்தாலும் இந்தப் புத்தி என்னை விட்டுப் போவதில்லை.

பள்ளிக்கூடம் மூடி, பாடமெல்லாம் போனில் நடந்த காலம் அது. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த என் கணவர் மகளுக்குப் பாடம் பார்க்கப் பெரிய திரை வைத்த ஒரு டெப் வாங்கி அனுப்பினார். அவளுக்கு அப்போது பதினொரு வயது. டெப் வந்த நாளிலிருந்து என் மகள் சத்தமில்லாத பிள்ளையாகிவிட்டாள்.

வகுப்பு டீச்சர் பெற்றோருக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். டெப்பைச் சும்மா கொடுக்காதீர்கள், பெற்றோர் கட்டுப்பாடு என்று ஒரு ஆப் இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுங்கள் என்றார். எப்படிப் போடுவது என்றும் படிப்படியாகச் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிக்னல் கிடைக்கிற வாசற்படியில் உட்கார்ந்து, அந்தப் பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டுச் செய்தேன். என் போனில் பெற்றோருக்கான ஆப். டெப்பில் மகள் பெயரில் ஒரு பிள்ளைக் கணக்கு. அந்தக் கணக்கு என்னுடைய ஈமெயிலின் கீழ் வர, என் பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். தலவாக்கலை டவுனில் நான் போன் வாங்கியபோது கடைக்காரத் தம்பியே ஈமெயில் போட்டு, பாஸ்வேர்டைப் போன் பெட்டியின் முதுகில் மார்க்கர் பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தான். அதைப் பார்த்து அடித்தேன். பிறகு பெட்டியை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். சொல்லாமல் செய்யக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

"இதுல மூணு விஷயம் இருக்கு. கெட்ட படம், கெட்ட பக்கமெல்லாம் வராம மறிக்கும். மறிச்சதையும் தாண்டி ஏதாச்சும் வந்துச்சுன்னா ஒளிக்காம எங்கிட்ட காட்டு, ஏச மாட்டேன். ராத்திரி ஒம்பது மணிக்கு டெப் தானா பூட்டிக்கும். புதுசா ஆப் ஏதாவது வேணும்னா நீ அதுல கேக்கணும், நான் சரின்னு சொன்னாத்தான் இறங்கும்."

"நான் என்ன பாக்குறேன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"நீ எந்த ஆப்ல எவ்வளவு நேரம் இருந்தேன்னு தெரியும். டெப் எங்க இருக்குன்னு மேப்ல காட்டும்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"வேற யாருக்கும் தெரியாது. நான் மட்டும்தான் பாப்பேன்."

"அப்ப சரி" என்றாள்.

ஒரு மாதம் ஒழுங்காகப் போனது. நான்தான் ஒழுங்காக இருக்கவில்லை. பிள்ளைக் காம்பராவில் பால் கரைக்கிற நேரத்தில்கூட, சிக்னல் வந்தால் போனை எடுத்துப் பார்ப்பேன். பாடம் நாற்பது நிமிடம், படம் கீறுகிற ஆப் இருபது நிமிடம். எல்லாம் இவ்வளவு சரியாக இருக்கிறதே என்பதுதான் என் சந்தேகம்.

அந்தச் சமயத்தில் ஒரு விளையாட்டு வேண்டுமென்று கேட்டாள். கூட்டாளிகளெல்லாம் விளையாடுகிறார்களாம். அதில் முன்பின் தெரியாதவர்களும் வந்து பேசலாம் என்று டீச்சர் சொல்லியிருந்ததால் முடியாது என்றேன். இரண்டு நாள் கழித்து வேலையிடத்தில் போனைத் திறந்தால், அதே விளையாட்டு, ஐம்பது நிமிடம் என்று காட்டுகிறது. நான் சரி சொல்லவே இல்லை.

வீட்டுக்கு ஓடி வந்து முதலில் அலுமாரியைத் திறந்தேன். சாவி எங்கே இருக்கும் என்று அவளுக்கும் தெரியும். சேலை மடிப்பு கலைந்திருப்பதாகப் பட்டது. பெட்டியும் திரும்பி இருப்பதாகப் பட்டது. அதற்குமேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

"பெட்டியப் பாத்து பாஸ்வேர்டு அடிச்சியா?"

"இல்லம்மா. திரும்ப ஒரு தடவ கேட்டுப் பாப்போம்னு அதுல அமத்துனேன். கொஞ்ச நேரத்துல சரின்னு வந்துச்சு. நீங்கதான் மனசு மாறி ஓகே பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்."

"யார்கிட்ட கத சொல்ற?"

முதுகில் இரண்டு அடி வைத்தேன். டெப்பைப் பிடுங்கினேன். அவள் அழவில்லை. "நான் பெட்டியத் தொடவே இல்ல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். களவும் செய்து பொய்யும் சொல்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மூன்று நாள் அவள் பாடம் இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நானும் பேசவில்லை.

நான்காம் நாள் லீவு போட்டு, பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொல்லித் தலவாக்கலைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி என் போனை வாங்கிப் பார்த்துச் சிரித்தான்.

"இத மாத்த ஏலாதுக்கா. இது நம்ம கடை மெயிலு. தோட்டத்துல இருந்து வாறவங்களுக்கு ஈமெயிலு இருக்காதுதானே. எல்லாருக்கும் இதுலயேதான் போட்டுக் குடுக்குறது. மாத்துனா எல்லார் போனும் நின்னுரும்."

"அப்ப எம் மகள் ஏதாவது கேட்டா..."

"எனக்கும் வரும். ஓகே பண்ணி விட்டுருவேன். இல்லாட்டி ஆப் இறங்கலன்னு நீங்க பஸ்ஸேறி வரணுமே."

உதவி செய்த பெருமையோடு தன் போனைத் திறந்து என் பக்கம் திருப்பினான். என் மகளுடைய பெயர். அதன் கீழே மேப். மேப்பில் எங்கள் தோட்டம், எங்கள் லயத்து வீடுகள் இருக்கிற மேடு, அதன்மேல் ஒரு புள்ளி. கடையில் சாமான் வாங்க நின்ற இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலியைக் கொண்டுபோய் ஊரான் கையில் கொடுத்ததே நான்தான்.

அந்தத் தம்பி நல்லவனோ கெட்டவனோ எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மெயில் இன்னும் எத்தனை போனில் இருக்கிறது என்று கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. மகளுடைய கணக்கை அங்கேயே நின்று என் போனிலிருந்து அழித்தேன். கடை மெயிலையும் என் போனிலிருந்து எடுத்தேன். பக்கத்து பேக்கரியில் உட்கார்ந்து, எழுத்தெழுத்தாக என் கையாலேயே எனக்கொரு ஈமெயில் போட்டேன். புதிய பாஸ்வேர்டை எங்கும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீ பெட்டியத் தொடல. நான்தான் அநியாயமா அடிச்சிட்டேன். தப்பு எம்மேலதான்" என்றேன்.

"சரிம்மா" என்றாள். பிறகு கேட்டாள், "அந்தக் கடைக்கார மாமா என்னைய எத்தன நாளாப் பாத்தாரு?"

"அவரு பாத்தாரா இல்லையான்னு தெரியாது. பாக்க முடிஞ்சுச்சு. ஒரு மாசமா."

டெப்பில் இருந்ததையெல்லாம் அழித்து, புதிதாகப் பிள்ளைக் கணக்குப் போட்டோம். ஒவ்வொரு படியையும் அவளே வாசித்துச் சொன்னாள். அந்த விளையாட்டு வேண்டாம் என்பதையும் அவளே சொன்னாள். கடைசியில் பெற்றோருடைய பாஸ்வேர்டை அடிக்கச் சொல்லிக் கட்டம் வந்தது. நான் விரலை வைக்கப் போனேன். அவள் எழுந்து வெளியே போனாள்.

"எங்க போற? இங்கயே இரு."

"நீங்க அடிங்கம்மா" என்று வாசலுக்கு அப்பாலிருந்து சொன்னாள். "நான் பாக்கல. பெறகு என்னையச் சொல்லக் கூடாது."